பந்தல் கம்புக்குத் தேக்கா, இரும்பா, அலுமினியமா?

கேள்வி: வள்ளத்தில் தார்ப்பாய் கட்ட 3 மீட்டர் குறுக்குக் கம்பு மாற்ற வேண்டும். பிடிப்பு 50 மில்லிமீட்டர் அளவு. அலுமினியக் குழாய்தான் எடையும் குறைவு, வளையவும் வளையாது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: கடைக்காரர் சொன்னதில் எடை சரி, வளையாது என்பது சரியில்லை. ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் யங் குணகம் இரும்புக்குச் சுமார் 210 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70, தேக்குக்கு நார் வாக்கில் 12 அளவில். ஒரே அளவுக் குழாய் என்றால் அலுமினியம் இரும்பைவிட மூன்று மடங்கு தொய்யும். 'உயர்தரக் கலவை' என்று கூடுதல் விலை சொன்னாலும் இது மாறாது. கலவை மாறினால் வலிமை கூடும், விறைப்பு கூடாது.

பொறியாளர்கள் அடர்த்தியைக் கிடையாகவும் யங் குணகத்தை நெடுக்காகவும் வைத்து ஒரு வரைபடத்தில் எல்லாப் பொருள்களையும் குறிப்பார்கள். கம்பு உள்ளே வெற்றிடமில்லாத கெட்டி உருளையாக, தடிமனை விருப்பம்போல் கூட்டலாம் என்றால் பார்க்க வேண்டிய எண் E^(1/2)/ρ, அதாவது யங் குணகம் E-யின் வர்க்கமூலத்தை அடர்த்தி ρ-ஆல் வகுத்தது. இது பெரிதாக இருந்தால் அதே விறைப்புக்கு எடை குறையும். அடர்த்தியை ஒரு கன செ.மீ.க்கு எத்தனை கிராம் என்று வைத்தால் இரும்புக்கு 1.85, அலுமினியத்துக்கு 3.1, தேக்குக்கு 5.3. அதனால் 25 மி.மீ. இரும்புக் கம்பி 11.6 கிலோ, அதே விறைப்புள்ள 51 மி.மீ. தேக்குக் கம்பு 4 கிலோதான். மரத்தில் பாய்மரம் நட்டதன் நியாயம் இதில் இருக்கிறது.

ஆனால் உங்கள் பிடிப்பு 50 மி.மீ. என்று நிற்கிறது. வெளிவிட்டம் மாறாமல் குழாயின் சுவரை மட்டும் மாற்ற முடியும் என்றால் எண் E/ρ ஆகிவிடும். அதில் இரும்பும் அலுமினியமும் கிட்டத்தட்ட சமம். அலுமினியச் சுவர் 1.6 மி.மீ. என்றால், அதே விறைப்பையும் எடையையும் அரை மி.மீ. இரும்புச் சுவரே தந்துவிடும். ஆனால் பாம்பன் பக்கத்து உப்புக்காற்றில் அரை மி.மீ. தகடு எத்தனை நாள் தாங்கும்? துரு அதைச் சீக்கிரமே ஓட்டை போட்டுவிடும். 1.6 மி.மீ. இரும்பு எடுத்தால் 5.7 கிலோ.

50 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. சுவருள்ள அலுமினியக் குழாயின் எடை 2 கிலோதான். நடுவில் 20 கிலோ தொங்கவிட்டால் சுமார் 22 மி.மீ. தொய்யும், அதே தடிமன் தேக்கு 30 மி.மீ. தொய்யும். தார்ப்பாய்க்கு இது தாராளம், அதையே வாங்குங்கள்.

கடையில் தராசில் வைத்துப் பாருங்கள். 3 மீட்டர் குழாய் ஒன்றரைக் கிலோதான் காட்டினால் சுவர் 1.2 மி.மீ.க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். இரண்டு செங்கல்லின்மேல் வைத்து எடை தொங்கவிட்டுத் தொய்வையும் அளந்துவிடுங்கள். பிடிப்பில் எஃகு போல்ட் என்றால் நடுவே ரப்பர் அல்லது நைலான் வாஷர் கட்டாயம். உப்புநீர் பட்டு இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைத் தூளாக அரித்துப்போகும்.