சோப்ரெமெசாவும் தோல்சே ஃபார் நியென்தேயும்

கேள்வி: ஸ்பெயின்காரர்களின் சோப்ரெமெசாவும் இத்தாலியர்களின் தோல்சே ஃபார் நியென்தேயும் ஒன்றுதானா?

இல்லை. சோப்ரெமெசா என்பது சாப்பிட்டு முடித்த பிறகும் மேசையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது. அதற்கு ஒரு மேசையும் கூட உட்கார ஆட்களும் வேண்டும். சொல்லைப் பிரித்தாலே 'மேசை மேல்' என்றுதான் வரும்.

ஸ்பெயினில் மதியச் சாப்பாடு 2, 3 மணிக்கு. இனிப்பு முடிந்ததும் காபி வரும், அப்புறம் சிலருக்குச் சின்னக் கோப்பையில் மது. தட்டுகளை எடுத்த பிறகும் யாரும் எழுவதில்லை. மேசைத்துணியில் கிடக்கும் ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒதுக்கிக்கொண்டே பேசுவார்கள். ஞாயிறன்று 5 மணிகூட ஆகிவிடும். வேலை நாளில் அவ்வளவு நேரம் கிடைக்காது.

உணவகத்திலும் நீங்கள் கேட்காமல் பெரும்பாலும் பில் வராது. கவனிக்கவில்லை என்று கோபப்படாதீர்கள், சாப்பிட்டவரை விரட்டக்கூடாது என்ற மரியாதை அது. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். கிளம்ப வேண்டுமென்றால் 'லா குவென்தா, போர் ஃபவோர்' என்று சொன்னால் போதும். ஆனால் பிரேசிலில் சோப்ரெமெசா கேட்டால் இனிப்புதான் வரும். போர்த்துகீசிய மொழியில் அதற்கு அதுதான் பொருள்.

தோல்சே ஃபார் நியென்தே என்றால் 'ஒன்றும் செய்யாதிருப்பதன் இனிமை'. அது ஒரு மனநிலை. சாப்பாடு, துணை, குறிப்பிட்ட நேரம் எதுவும் வேண்டாம். சதுக்கத்து பெஞ்சில் தனியாக வெயில் காய்ந்தாலும் அதுதான்.