அவசரக் குறிப்பிலிருந்து மதிப்பெண் படிவத்துக்கு: படுக்கைப்புண் அபாயமும் திருப்பும் அட்டவணையும்

கேள்வி: "எங்கள் பராமரிப்பு இல்லத்தில் பக்கவாதம் வந்த ஒரு அம்மாவைச் சேர்த்த அன்று, நேரம் இல்லாமல் இப்படித்தான் எழுதினோம்: 'படுக்கையில்தான் இருக்கிறார். சர்க்கரை உண்டு. சாப்பாடு குறைவு. தோல் ஓகே. அடிக்கடி திருப்பவும்.' இதை மதிப்பெண் உள்ள படிவமாக மாற்றி, திருப்பும் அட்டவணையும் சேர்ப்பது எப்படி?"

முதலில் ஒன்று: அந்தக் குறிப்பைப் பார்த்து மேசையில் உட்கார்ந்து மதிப்பெண் போடாதீர்கள். குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் படுக்கைக்கே போங்கள். இரவு ஷிப்ட் பார்த்தவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். 'படுக்கையில்தான்' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. கட்டிலை விட்டு இறங்குகிறாரா என்பது ஒன்று. கட்டிலிலேயே தன் உடம்பைத் தானே நகர்த்த முடிகிறதா என்பது இன்னொன்று. படுக்கைப்புண் வரும் அபாயத்தை எண்ணால் அளக்கும் பிரேடன் அளவுகோல் இவற்றைத் தனித்தனியாகக் கேட்கிறது.

1987-இல் வெளியான இந்த அளவுகோலில் ஆறு பிரிவுகள்: உணர்வு, ஈரம், நடமாட்டம், உடலை அசைக்கும் திறன், உணவு, உராய்வும் சறுக்கலும். முதல் ஐந்துக்கும் 1 முதல் 4 வரை, கடைசிக்கு 1 முதல் 3 வரை. மொத்தம் 6-க்கும் 23-க்கும் நடுவில் வரும். எண் குறையக் குறைய அபாயம் கூடும். புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அதனால் படிவத்தின் மேலேயே இதைப் பெரிதாக எழுதிவிடுங்கள்.

ஏறக்குறைய இதே போன்ற குறிப்போடு என்னிடம் வந்த, இடப்பக்கம் பலவீனமான ஒரு அம்மாவுக்கு நான் மதிப்பெண் போட்ட விதத்தைச் சொல்கிறேன்.

பேசினால் பதில் சொல்வார், ஆனால் வலிக்கிறது என்றோ திருப்பிவிடுங்கள் என்றோ சில சமயம் சொல்வார், சில சமயம் சொல்ல மாட்டார். இடது கை காலில் உணர்வு மந்தம். உணர்வுக்கு 3. இரவில் ஒரு முறை, பகலிலும் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு முறையாவது விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது. ஈரத்துக்கு 2. இருவர் பிடித்துத் தூக்கினால் நாற்காலியில் உட்காருவார், நடக்க முடியாது. நடமாட்டம் 2. வலது கையால் போர்வையை இழுப்பார், ஆனால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. அசைவு 2. தட்டில் வைத்ததில் பாதி போகும். உணவு 2. தலைப்பக்கத்தை உயர்த்தினால் கீழே சறுக்கி வந்துவிடுவார், மேலே இழுக்கும்போது முதுகு விரிப்பில் உரசும். உராய்வு 1. மொத்தம் 12.

10 முதல் 12 வரை அதிக அபாயம் என்று கொள்கிறோம். 9-ம் அதற்குக் கீழும் மிக அதிகம். 13, 14 மிதம். 15 முதல் 18 வரை லேசான அபாயம்.

மொத்த எண்ணைக் கட்டம் கட்டி எழுதிவிட்டு நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. எவ்வளவு அவசரம் என்பதை 12 சொல்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பது உள்பிரிவு எண்களில்தான் இருக்கிறது. உராய்வு 1 என்றால், இழுக்காமல் சறுக்கு விரிப்பு வைத்து இருவராக நகர்த்த வேண்டும், சாப்பாட்டு நேரம் தவிரத் தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஈரம் 2 என்றால், டயப்பரைப் பார்க்கும் நேரத்தைத் திருப்பும் நேரத்தோடு சேர்த்துவிட வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே 'எதைப் பார்த்துப் போட்டேன்', 'அதற்கு என்ன செய்கிறோம்' என்று இரண்டு பத்திகள் விடுங்கள். சர்க்கரைக்கு இந்த அளவுகோலில் இடமே கிடையாது. அதைத் தனி வரியாக எழுதி, குதிகாலை கூடுதலாகக் கவனிக்கச் சொல்லுங்கள்.

'தோல் ஓகே' என்ற வரியை அடித்துவிடுங்கள். பார்த்த இடங்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்: வால் எலும்பை ஒட்டிய பகுதி, இரண்டு இடுப்பெலும்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, காது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் எச்சரிக்கை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது முதல் நிலைப் புண், அன்றே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். கருமையான தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். அங்கே பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா, ஊதா நிறம் படிகிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடவே கூடாது.

அப்புறம் அட்டவணை. 'அடிக்கடி' என்ற சொல்லை யாராலும் பின்பற்ற முடியாது. சாப்பாடு, டயப்பர் என்று ஏற்கெனவே அவரிடம் போகும் நேரங்களில் திருப்புவதைப் பொருத்தினால்தான் அது நடக்கும். அந்த அம்மாவுக்கு நான் எழுதியது:

காலை 6 – வலப்பக்கம்
8 – நாற்காலி, 1 மணி நேரம் மட்டும்
9 – வலப்பக்கம்
11 – இடப்பக்கம்
12.30 – நாற்காலி, 1 மணி நேரம் மட்டும்
1.30 – வலப்பக்கம்
3.30 – இடப்பக்கம்
5.30 – வலப்பக்கம்
இரவு 7 – தலைப்பக்கம் உயர்த்தி, உணவு
8 – இடப்பக்கம்
10 – வலப்பக்கம்
12 – இடப்பக்கம்
2 – வலப்பக்கம்
4 – இடப்பக்கம்

காலையில் வால் எலும்புப் பகுதி சிவந்திருந்ததால், சாப்பாட்டு நேரம் தவிர மல்லாந்து படுக்க வைக்கவில்லை. நாற்காலியில் உட்காரும்போதும் எடை கீழேதான் இறங்குகிறது. அதை ஓய்வு என்று கணக்கில் சேர்த்து, மூன்று மணி நேரம் விட்டுவிடுகிறார்கள். பக்கமாகப் படுக்க வைப்பது என்றால் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு. நேராக 90 டிகிரியில் வைத்தால் முழு எடையும் இடுப்பெலும்பின் மேல் விழும். கெண்டைக்காலுக்குக் கீழே நீளமாகத் தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கிவிடுங்கள், உள்ளங்கை உள்ளே நுழைய வேண்டும். பலவீனமான இடப்பக்கம் படுக்க வைக்கும்போது அந்தத் தோளை மெல்ல முன்னால் எடுத்துவிடுங்கள். அடியில் மாட்டிக்கொண்டால் வலிப்பதை அவர் சொல்லாமலே இருந்துவிடலாம்.

இரண்டு மணி நேரம் என்பது தொடக்கம்தான். முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடந்து 2013-இல் வெளியான ஒரு ஆய்வில், அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்திருந்த, புண் இல்லாதவர்களை 2, 3, 4 மணிக்கொரு முறை திருப்பியபோது புண் வருவதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆகவே நல்ல மெத்தை இருந்து, ஒரு வாரம் தோல் தெளிவாக இருந்தால், தூக்கம் கெடாதபடி இரவில் 3 மணி நேரமாக்கலாம். சாதாரண மெத்தைக்கு இது பொருந்தாது. திருப்பி அரை மணி நேரம் ஆகியும் சிவப்பு போகவில்லை என்றால் உடனே இடைவெளியைக் குறையுங்கள்.

பதிவுத்தாளில் திட்ட நேரத்துக்குப் பக்கத்தில் 'உண்மையில் திருப்பிய நேரம்' என்ற பத்தி கட்டாயம் வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இல்லத்தில், இரவு முழுவதும் சரியாக 12.00, 2.00, 4.00 என்று ஒரே பேனாவில் எழுதிய தாளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளுக்குரியவரின் குதிகால் கறுத்திருந்தது. 12.10, 2.25 என்று இருந்தால் அந்தத் தாளை நான் நம்புவேன். திருப்ப விடாமல் மறுத்தால் 'மறுத்தார், 2.40-க்கு மீண்டும் முயற்சி' என்று எழுதச் சொல்லுங்கள். அதற்காக யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் அடுத்த முறை அந்த இடத்தில் டிக் மட்டும்தான் இருக்கும்.

மறு மதிப்பீடு முதல் 4 வாரம் வாரம் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. காய்ச்சல், புதிதாகச் சாப்பாடு மறுப்பது, மருத்துவமனையிலிருந்து திரும்புவது, இதில் எது நடந்தாலும் அன்றே போட்டுவிடுங்கள்.