காலாவதி நேரம் இல்லாத ரத்தக் கோரிக்கை

கேள்வி: பெரம்பூரில் நாங்கள் 12 பேர் சேர்ந்து முகநூலில் ஓர் உதவிப் பக்கம் நடத்துகிறோம். ரத்தம் கேட்டு வருவதைப் போடுவதுதான் முக்கிய வேலை. ஒரே கோரிக்கையை இரண்டு பேர் போட்டுவிடுகிறார்கள். தேவை முடிந்து ஒரு வாரம் ஆகியும் நோயாளி வீட்டுக்குப் போன் போகிறது. புதியவர்களை எப்படிப் பழக்குவது?

பதில்: தனி ஆட்களாகப் பிரிக்காமல் ஜோடிகளாகப் பிரியுங்கள். உங்களிடம் 6 ஜோடி இருக்கிறது. காலை 7 முதல் 2 வரை ஒரு ஷிப்ட், 2 முதல் இரவு 9 வரை இன்னொன்று. திங்கள் முதல் சனி வரை ஜோடிக்கு வாரம் 2 ஷிப்ட் வரும். ஞாயிற்றுக்கிழமையைச் சுழற்சியில் விடுங்கள். ஜோடியில் ஒருவர் விசாரிப்பார், மற்றவர் வெளியிடுவார். இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது. அவசரம் என்று பதறும் நேரத்தில்தான் தவறு நடக்கும், அதைத் தடுப்பது இந்த இரண்டாவது கண்தான்.

எல்லாருக்கும் பொதுவாக ஒரு கூகுள் ஷீட் வையுங்கள். கோரிக்கைக்கு ஒரு வரி: வந்த நேரம், ஆஸ்பத்திரி, ரத்தப் பிரிவு, முழு ரத்தமா தட்டணுவா, எத்தனை யூனிட், உடனிருப்பவர் எண், விசாரித்தவர் பெயர், காலாவதி நேரம், முடிந்ததா. வரியில் தன் பெயரை எழுதிய பிறகுதான் போனை எடுக்க வேண்டும். இரட்டைப் பதிவு அதோடு நிற்கும்.

பயிற்சிக்குப் பழைய ஃபார்வர்டு ஒன்றைக் கொடுங்கள். ‘ஓ நெகட்டிவ், 4 யூனிட், ஸ்டான்லி, மிக அவசரம்’ என்று ஒரு செல் எண்ணோடு வந்திருக்கிறது, தேதி இல்லை. புதியவர் முதலில் அந்த எண்ணை அழைத்து நோயாளியின் வார்டு, இன்னும் எத்தனை யூனிட் பாக்கி என்று கேட்கட்டும். பிறகு ஆஸ்பத்திரி ரத்த வங்கியின் எண்ணைத் தானே தேடி எடுத்து அங்கேயும் கேட்கட்டும்; ஃபார்வர்டில் வந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. 2 யூனிட் கிடைத்துவிட்டது என்றால் பதிவில் மீதி 2 மட்டும்தான் வரும். யாரும் போனை எடுக்கவில்லையா, பதிவு கிடையாது.

இரண்டு விதிகளில் கறாராக இருங்கள். காலாவதி 24 மணி நேரம். மறுபடி விசாரித்தால்தான் நீட்டிப்பு. அந்த நேரத்தைப் பதிவில் போடும் படத்துக்குள்ளேயே பெரிதாக எழுத வேண்டும். பதிவை நீங்கள் திருத்தினாலும், வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் திருந்தாது. உங்கள் நோயாளி வீட்டுக்கு ஒரு வாரம் கழித்தும் போன் போவது அதனால்தான். அடுத்தது, உடனிருப்பவர் எண்ணைப் பொதுவில் போடாதீர்கள். ஷிப்டுக்கான பொது செல் எண்ணைப் போட்டு, உடனிருப்பவர் எண்ணைக் கொடையாளருக்கு மட்டும் தனியாகக் கொடுங்கள். ‘வண்டிச் செலவு அனுப்புங்கள், ஆள் அனுப்புகிறேன்’ என்று பணம் பறிப்பவர்கள் இப்படி வெளியான எண்களைத்தான் தேடுகிறார்கள். நோயாளியின் படமும் வேண்டாம்.

புதியவர் முதல் வாரம் உடன் இருந்து பார்க்கட்டும், இரண்டாம் வாரம் விசாரிக்கட்டும், மூன்றாம் வாரம் வெளியிடட்டும். பக்கத்தின் முழுக் கட்டுப்பாடு 2 பேரிடம் மட்டும் இருக்கட்டும். மற்றவர்களுக்குப் பதிவு போடும் அனுமதி போதும். கடவுச்சொல்லை யாருக்கும் பகிர வேண்டாம். ஷிப்ட் மாறும்போது, முடியாத வரிகளை அடுத்த ஜோடிக்கு வாய்ஸ் மெசேஜில் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.