பிரேக் ஆயில் ஏன் தண்ணீர் குடிக்கிறது? கேள்வி பதில்

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பாதியில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மிதித்தால் பழையபடி நிற்கிறது. மெக்கானிக் ஒரு குறையும் இல்லை என்கிறார். கார் வாங்கி ஐந்து வருடம்.

ஐந்து வருடமும் அதே ஆயில்தான் என்று நினைக்கிறேன். நாம் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் இல்லை, கிளைக்கால் ஈதர். அதன் மூலக்கூறு தண்ணீரைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்ளும். பேட் தேயத் தேய டப்பாவில் மட்டம் இறங்கும், அந்த இடத்துக்குக் காற்று வர மூடியில் சின்ன வழி இருக்கிறது. காற்றோடு ஈரமும் வரும். ரப்பர் ஹோஸும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை உள்ளே விடும்.

டாட் 3 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் 140 தாங்கினாலே போதும் என்கிறது விதி. 70 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், அந்தச் சூடு, சக்கரத்தில் பேடை அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் ஆயிலுக்குத்தான் போகும். அது கொதித்தால் ஆவிக் குமிழி. திரவம் அமுங்காது, குமிழி அமுங்கும். நீங்கள் மிதித்ததெல்லாம் குமிழியை நசுக்கவே சரியாகிவிட்டது. ஆறியதும் ஆவி திரும்பத் திரவமாகிவிடும். அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் குறை தெரியவில்லை. ஆயிலை முழுக்க மாற்றுங்கள், அடுத்த முறை செகண்ட் கியரில் இறங்குங்கள்.

கறுத்துப்போனால் மாற்றினால் போதும்தானே அண்ணா?

ஈரத்துக்கு நிறம் கிடையாது.

சிலிகான் டாட் 5 தண்ணீரே உறிஞ்சாது. அதை ஊற்றிவிட்டால் பிரச்சினையே முடிந்ததே? யாரும் சொல்வதில்லை.

பாதி சரி. அது உறிஞ்சாது, ஆனால் ஈரம் உள்ளே வருவது நிற்காது. கலக்க முடியாத தண்ணீர் சொட்டாகப் போய்த் தாழ்வான இடத்தில், பெரும்பாலும் காலிப்பரில், தேங்கும். அங்கே 100 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலே கொதிக்கும், துருவும் பிடிக்கும். கிளைக்கால் தண்ணீரைத் தன்னோடு கரைத்துப் பரப்பி வைப்பது ஒரு வகையில் நமக்கு நல்லதுதான். பழைய கிளைக்காலோடு சிலிகானைக் கலந்துவிடாதீர்கள்.

அப்படியானால் அமெரிக்க ராணுவம் ஏன் டாட் 5 போட்டது?

வருடக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிகளுக்கு அது பொருந்தும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஏபிஎஸ் உள்ள உங்கள் காருக்கு வேண்டாம். இதில் நீங்கள் மாற மாட்டீர்கள், நானும் மாட்டேன்.

என் வண்டியில் ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கிறது, அதுவும் இதனால்தானா?

இல்லை. கூலண்ட் வேறு கதை.

பிரேக் ஆயிலை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றணும்?

மூன்றாவது ஆள் கேட்கிறீர்கள். பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருடம், உங்கள் கையேடு வேறு சொன்னால் அதன்படி.

போன வருடம் திறந்த பாட்டிலில் பாதி மிச்சம் இருக்கிறது, ஊற்றலாமா?

மூடி திறந்த அன்றே அது ஈரம் குடிக்கத் தொடங்கிவிட்டது. ஊற்றாதீர்கள். சின்ன பாட்டிலாகப் புதிது வாங்குங்கள்.