பிறந்து 20 மணி நேரத்தில் எடுத்த குதிகால் ரத்தம்: எதை நம்பலாம், எதைத் திரும்பப் பார்க்க வேண்டும்?

கேள்வி: டாக்டர், என் மகன் போன வெள்ளிக்கிழமை மதியம் பிறந்தான். சுகப்பிரசவம், மூன்று கிலோ. சனிக்கிழமை காலை குதிகாலில் குத்தி ஒரு கார்டில் ரத்தம் எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். தீபாவளி லீவு வந்ததால் கார்டு செவ்வாய்க்கிழமைதான் லேபுக்குப் போனதாம். இன்று ரிப்போர்ட் வந்தது. டி.எஸ்.ஹெச் 32, ஜி6பிடி குறைவு, மற்றதெல்லாம் நார்மல், திரும்ப ரத்தம் கொடுக்க வாருங்கள் என்கிறார்கள். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான். என் அத்தை, "பச்சை உடம்பை எத்தனை தடவை குத்துவது, ஒரு மாதம் போகட்டும்" என்கிறார். காத்திருக்கலாமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே குழந்தையை அழைத்துப் போங்கள். பெரியதாக ஏதோ வந்துவிட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டு முடிவுகளுமே பொய்யான எச்சரிக்கையாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதில் தைராய்டு முடிவு உண்மையாக இருந்தால், அதற்கு மருந்து தொடங்க வேண்டிய கெடு 14-ம் நாள். உங்கள் மகனுக்கு இன்று எட்டாம் நாள்.

முதலில் ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவான டி.எஸ்.ஹெச் 32 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'சீரம்' என்று போட்டிருக்கிறதா, 'ஹோல் பிளட்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சீரம் என்பது ரத்தம் உறைந்ததும் பிரியும் தெளிந்த நீர். கார்டில் இருப்பது முழு ரத்தம். அதில் கிடைக்கும் எண்ணைச் சில லேபுகள் அப்படியே தருகின்றன, சில லேபுகள் சீரம் அளவுக்கு மாற்றித் தருகின்றன. முழு ரத்த எண்ணை ஏறக்குறைய 2.2-ஆல் பெருக்கினால் சீரம் எண் வரும். எனவே உங்கள் 32 சீரம் கணக்கு என்றால் அது நடுத்தரமான உயர்வு. ஹோல் பிளட் கணக்கு என்றால் அது 70-க்குச் சமம். சீரம் கணக்கில் 40-ஐத் தாண்டினால் கார்டை மறுபடி எடுத்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். ரிப்போர்ட்டில் எதுவும் போடவில்லை என்றால் லேபுக்கு போன் செய்து கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சரி, சீரம் கணக்கில் 32 என்றே வைத்துக்கொள்வோம். இந்த எண்ணைப் படிக்க குழந்தைக்கு அப்போது என்ன வயது என்று தெரிய வேண்டும், அதுவும் மணிக்கணக்கில். கருப்பையின் சூட்டிலிருந்து வெளியே வந்து குளிர்பட்டதும், தைராய்டைத் தூண்டும் இந்த ஹார்மோன் எல்லாக் குழந்தைக்குமே சட்டென்று ஏறும். பிறந்து அரை மணி நேரத்தில் அது 60, 80 வரைகூடப் போகும். முதல் நாளில் வேகமாகவும், அடுத்த சில நாட்களில் மெதுவாகவும் இறங்கும். அதனால்தான் இந்தக் கார்டுக்கு ஏற்ற நேரம் பிறந்து 48 மணியிலிருந்து 72 மணிக்குள் என்று வைத்திருக்கிறார்கள். நம் நாட்டுக் குழந்தைகள் ஹார்மோன் மருத்துவர்களின் வழிகாட்டுதலில், 48 மணிக்குப் பிறகு எடுத்த ரத்தத்தில் 20-க்கு மேல் இருந்தால் திரும்பக் கூப்பிடுகிறார்கள். 24-லிருந்து 48 மணிக்குள் எடுத்திருந்தால் 34-க்கு மேல் போனால்தான் கூப்பிடுகிறார்கள். உங்கள் மகனுக்கு எடுத்தது 20-வது மணி நேரத்தில். ஏறிய ஹார்மோன் இறங்கி முடிவதற்குள் எடுத்த எண் அது. அதை வைத்துத் தைராய்டு கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது, நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

மறுநாளே வீட்டுக்குப் போகும் குழந்தைக்கு, போவதற்கு முன் ஒரு கார்டு எடுத்து வைத்தது சரியான செயல்தான். திரும்ப வராமலே போய்விடும் குடும்பங்கள் உண்டு, ஒன்றுமே எடுக்காததற்கு இது மேல். ஆனால் 24 மணிக்கு முன் எடுத்த கார்டு என்றால், ரிப்போர்ட் எப்படி வந்தாலும் இன்னொரு கார்டு கட்டாயம் என்று அப்போதே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஏனென்றால் "மற்றதெல்லாம் நார்மல்" என்ற வரியையும் இப்போது முழுதாக நம்ப முடியாது. ஃபினைல்கீட்டோனூரியா போன்ற நோய்களில் குழந்தை பால் குடிக்கக் குடிக்கத்தான் ரத்தத்தில் ஃபினைல்அலனின் போன்ற பொருள் சேரும். முதல் நாளில் சீம்பால் சில சொட்டு குடித்திருக்கும் குழந்தையிடம் அது இன்னும் தெரியாமல் இருக்கலாம். என் கணக்கில் உங்கள் ரிப்போர்ட்டில் அதிகம் கவனிக்க வேண்டிய வரி இந்த 'நார்மல்'தான், ஏனென்றால் அதை யாரும் திரும்பப் படிப்பதில்லை.

அடுத்து ஜி6பிடி. இது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒரு நொதி. கார்டில் காய்ந்த பிறகும் லேபில் அது வேலை செய்கிறதா என்று பார்த்துத்தான் அளக்கிறார்கள். சூடும் ஈரமும் பட்டால் அந்த வேலை குறைந்துகொண்டே போகும். கார்டு சனியிலிருந்து செவ்வாய் வரை எங்கே இருந்தது என்று நமக்குத் தெரியாது. ஐப்பசி மாதத்துச் சென்னையில், ஏசி இல்லாத ஒரு அறையின் மேசை டிராயரில் மூன்று நாள் கிடந்திருந்தால், நல்ல குழந்தையின் ரத்தமும் 'குறைவு' என்று காட்டும். நன்றாகக் காய்வதற்குள் பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடியிருந்தால் இன்னும் மோசம், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். முறைப்படி, கார்டைக் குறைந்தது மூன்று மணி நேரம் படுக்கை வசமாக, ரத்த வட்டங்கள் எதிலும் படாமல், ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் அறைச் சூட்டில் காய விட வேண்டும். அதை வடாம் போல வெயிலில் வைப்பதோ ஹேர் டிரையரைக் காட்டுவதோ கூடாது. காய்ந்ததும், ஈரத்தை உறிஞ்சும் சிறு பாக்கெட்டோடு கவரில் போட்டு, 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். "நாலு கார்டு சேரட்டும், ஒன்றாக அனுப்பலாம்" என்று வைத்திருப்பது இந்தப் பரிசோதனையையே கெடுக்கும் பழக்கம்.

அதற்காக ஜி6பிடி குறைவை ஒதுக்கிவிடாதீர்கள். இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது, ஆண் குழந்தைகளிடம்தான் அதிகம் வெளிப்படும். உறுதியாகத் தெரியும் வரை இருக்கிறது என்றே நடந்துகொள்ளுங்கள். குழந்தையின் துணி, தொட்டில் சேலை இருக்கும் பீரோவில் பாச்சை உருண்டை இருந்தால் இன்றே எடுத்துவிட்டு, துணிகளைத் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். நாஃப்தலீன் வாசனை ஏறிய துணியாலேயே இந்தக் குழந்தைகளின் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை ஏறுவது உண்டு. நீங்களும் டாக்டரிடம் சொல்லாமல் எந்த மாத்திரையும் போடாதீர்கள், சில மருந்துகள் தாய்ப்பால் வழியாகப் போகும். மஞ்சள் தொடை, கால் வரை இறங்கினாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ காலை வரை பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நாளை என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். நரம்பில் ஒரே தடவை குத்தி எடுக்கும் ரத்தத்தில் டி.எஸ்.ஹெச், தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4, ஜி6பிடி மூன்றையும் பார்த்துவிடலாம். நடுத்தரமான உயர்வுக்கு 7-லிருந்து 10-ம் நாளுக்குள் இன்னொரு கார்டு எடுத்துப் பார்ப்பதும் ஒரு வழிதான். ஆனால் ஏற்கனவே ஒரு கார்டு தாமதத்தில் கெட்டிருக்கும் நிலையில் நான் நரம்பு ரத்தத்தையே கேட்பேன். கூடவே, பிற நோய்களுக்காகப் புதுக் கார்டு ஒன்றும் எடுக்கச் சொல்லுங்கள்.

கார்டு எடுக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். அன்று காலை காலில் எண்ணெயும் பவுடரும் போட வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிவையுங்கள், இரண்டுமே காகிதத்தில் ஏறினால் முடிவைக் கெடுக்கும். வெதுவெதுப்பான துணியைக் குதிகாலில் ஐந்து நிமிடம் சுற்றி வைத்தால் ரத்தம் தாராளமாக வரும், பல தடவை குத்த வேண்டி வராது. குத்துவது குதிகாலின் இரண்டு ஓரங்களில்தான். நடுவிலும் பின் வளைவிலும் குத்தக் கூடாது, அங்கே எலும்பு மேலாக இருக்கிறது. ஸ்பிரிட் துடைத்த இடம் முழுதாகக் காய்ந்த பிறகு குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். அடுத்து திரளும் பெரிய சொட்டு ஒன்று ஒரு வட்டத்தில் ஒரே தடவை தொட்டு, பின்பக்கம் வரை ஊறி நிரம்ப வேண்டும். கார்டைத் திருப்பிப் பாருங்கள்: இரண்டு பக்கமும் வட்டம் ஒரே அளவு சிவப்பாக இருந்தால் நல்ல மாதிரி. ஒரே வட்டத்தில் சொட்டு மேல் சொட்டாக வைத்தால் எண் கூடுதலாகக் காட்டும். காலைப் பிழிந்து பிழிந்து எடுத்தால் திசு நீர் கலந்து குறைவாகக் காட்டும். வட்டத்தைச் சுற்றி வெளிறிய வளையம் தெரிந்தாலும் லேப் அதைத் திருப்பி அனுப்பிவிடும். குத்தும் நேரத்தில் மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே இருங்கள், அழுகை வெகுவாகக் குறையும்.

அத்தையின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பிறவியிலேயே தைராய்டு குறைவாக உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் பிறந்த வாரத்தில் எந்த வித்தியாசமும் இல்லாமல், நன்றாகப் பால் குடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். மந்தம், மலச்சிக்கல், தடித்த நாக்கு எல்லாம் வெளியே தெரிய வாரங்கள் ஆகும், அதற்குள் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஹார்மோன் கிடைக்காமல் போயிருக்கும். நாளைய ரத்தத்தில் ஃப்ரீ டி4 குறைவாகவோ, டி.எஸ்.ஹெச் 20-க்கு மேலோ இருந்தால் அன்றைக்கே லெவோதைராக்ஸின் மாத்திரை தொடங்கிவிடுவார்கள். கிலோவுக்கு 10-லிருந்து 15 மைக்ரோகிராம் கணக்கில், உங்கள் மகனுக்கு நாளொன்றுக்கு 30-லிருந்து 45 வரை வரும். மாத்திரையைப் பொடித்து ஒரு ஸ்பூன் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுப்பார்கள். 14-ம் நாளுக்குள் தொடங்கிவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்கிறார்கள். இரண்டு எண்ணும் இயல்பாக இருந்தால் மருந்து வேண்டாம். இடைப்பட்ட அளவில் நின்றால் சில நாளில் திரும்பப் பார்ப்பார்கள்.

புதுக் கார்டில் பிறந்த தேதியும் நேரமும், ரத்தம் எடுத்த தேதியும் நேரமும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். என்றைக்கு லேபுக்குப் போகும் என்றும் கேளுங்கள். பதினாறாம் நாள், முப்பதாம் நாள் என்று அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தால், அங்கே எடுக்கும் போன் எண்ணையும் அந்தக் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.