முறத்தைக் கூடை என்று அடம்பிடிக்கும் ரோபோ

"தேக்கா கடையில் எங்கள் ரோபோ முறத்தை 99% கூடை என்கிறது. அதற்குக் கொடுத்த பெயர்ப் பட்டியலில் muram இருக்கிறதே, ஏன்?"

muram என்பதை எடுத்துவிட்டு, பொருளை ஆங்கிலத்தில் விவரித்து எழுதுங்கள்:

```
a photo of a flat bamboo winnowing tray
```

உங்கள் ரோபோவில் படத்தையும் சொற்களையும் ஒப்பிடும் மாதிரியான CLIP பெரும்பாலும் ஆங்கிலப் படக்குறிப்புகளில் கற்றது. முறத்தின் படம் அதற்குப் புரிந்திருக்கலாம், உங்கள் சொல்தான் புரியவில்லை.

அந்த 99%-ஐ நம்பாதீர்கள். படமும் சொல்லும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற மதிப்பு கூடைக்கு 0.27, முறத்துக்கு 0.22 என்று வைப்போம். வித்தியாசம் வெறும் 0.05. இந்த மதிப்புகளை 100-ஆல் பெருக்கி, சதவீதமாக மாற்றும் softmax-இல் போட்டால் கூடைக்கு 99% வந்துவிடும். பட்டியலில் இல்லாத பொருளுக்கும் இப்படித்தான் பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு பெயர் ஜெயிக்கும். அதனால் பெருக்குவதற்கு முந்தைய மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். அது குறைந்தால் ரோபோ "தெரியவில்லை" என்று சொல்லட்டும்.

எவ்வளவு குறைந்தால் என்பதை உங்கள் கேமரா படங்களை வைத்தே முடிவு செய்யுங்கள். கடை வெளிச்சம் மாறினால் அதுவும் மாறும். அப்புறம், முழுக் கடையையும் கொடுக்காமல் பொருளை மட்டும் வெட்டிக் கொடுங்கள்.