ஏர்கான் மேல ஒரு பக் ரிப்போர்ட்: ஆபிஸ் டின்னர் காமெடிக்கு ஒரு வழி

கேள்வி: அண்ணே, பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஒரு சாப்ட்வேர் ஆபிஸ்ல க்யூஏ-வா இருக்கேன். இயர் எண்ட் டின்னர்ல அஞ்சு நிமிஷம் காமெடி பண்ண சொல்லிட்டாங்க. எல்லா இனமும் இருக்குற டீம், எச்ஆரும் முன்னாடியே உக்காந்திருப்பாங்க. யாரும் நோகாம என்னத்த எடுத்து பேசுறது?

பதில்: தங்கச்சி, க்யூஏ-ன்னு சொன்னீங்க பாருங்க, மேட்டர் உங்க கையிலயே இருக்கு. சாப்ட்வேர்ல தப்பு கண்டா தெனமும் எழுதுற பக் ரிப்போர்ட் ஃபார்மையே எடுத்துக்கோங்க. ஸ்டெப்ஸ் டு ரீப்ரொட்யூஸ்னா என்ன பண்ணா அந்தத் தப்பு வருது, எக்ஸ்பெக்டட்னா என்ன நடக்கணும், ஆக்சுவல்னா என்ன நடந்துச்சு, கடைசில டெவலப்பர் போடுற ஸ்டேட்டஸ். இந்த சீரியஸான ஃபார்ம்ல ஒரு அற்ப விஷயத்த வச்சு முகத்துல சிரிப்பே இல்லாம படிச்சா போதும், அந்த ரெண்டும் ஒட்டாம நிக்குறதுலதான் சிரிப்பு வருது, அதுக்கு ஒரு ஆள் தேவையே இல்ல. நம்ம ஊர் மேடைல சிரிப்பு வரலன்னா உடனே யாரோட இங்கிலீஷையாவது, யாரோட ஸ்லாங்கையாவது எடுத்து பேசிக் காட்டிருவாங்க, அந்தப் பக்கமே போகாதீங்க.

எதப் பத்தி? ஆபிஸ் ஏர்கான். வெளிய வெயில் மண்டைய பொளக்குது, உள்ள எல்லாரும் ஜாக்கெட் போட்டுட்டு உக்காந்திருக்கோம், இது எல்லா டீமுக்கும் பொது. இப்படி ஆரம்பிங்க:

"ஸ்டெப் ஒண்ணு, நாசி கண்டார் தாபாவ் பண்ணி ஆபிஸுக்கு வரணும். ஸ்டெப் ரெண்டு, மேசைல வச்சிட்டு ஒரு மீட்டிங் போயிட்டு வரணும். எக்ஸ்பெக்டட், சாப்பாடு. ஆக்சுவல், குழம்ப வெட்டி எடுக்க வேண்டியிருக்கு."

இதுக்கு அப்புறம் வர்ற பதில்கள்தான் உண்மையான காமெடி, இங்க அவசரப்படாதீங்க. பக்ஸில்லானு பழைய பக் ட்ராக்கர் ஒண்ணு இருக்குல்ல, அதுல டிக்கெட்ட, அதாவது நீங்க போட்ட புகார மூடுறதுக்கு WORKSFORME, DUPLICATE, FIXED-னு ரெடிமேடா பதிலே இருக்கு, அந்த ஒவ்வொண்ணும் ஒரு படி. மொத பதில், "என் மேசைல நல்லாத்தான் இருக்கு." நீங்க ரீஓப்பன் பண்றீங்க. அடுத்து, "ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க." குளிருக்கு எப்படி ஸ்க்ரீன்ஷாட் எடுக்குறது, ரெண்டு ஜாக்கெட் போட்டு ஒரு செல்ஃபி அட்டாச் பண்றீங்க. அடுத்து, "இது டூப்ளிகேட், ஏற்கனவே ஒரு டிக்கெட் ஓப்பன்ல இருக்கு." தொறந்து பாத்தா அத போட்டவரு வேலைய விட்டே போயி ரொம்ப நாளாச்சு, கடைசி கமெண்ட், "இன்னும் குளிருது." அப்புறம் ஒரு நாள் திடீர்னு ஃபிக்ஸ்ட். எல்லாரும் கைதட்டுறாங்க, மறுநாள் காலைல ஏர்கானே ஓடல, வேர்த்து கொட்டுது, நீங்க புது டிக்கெட் போடுறீங்க, அதுக்கு பதில் "குளிரலல்ல? எதிர்பார்த்த மாதிரிதான் வேலை செய்யுது." அங்க மைக்க கீழ வச்சிருங்க.

ஒரு சிக்கல் இருக்கு. இந்த பதிலையெல்லாம் பில்டிங் மெயின்டனன்ஸ் ஆள் சொல்ற மாதிரி வச்சீங்கன்னா, சம்பளம் கம்மியான ஒருத்தர மேடைல நிக்க வச்சு சிரிக்கிற மாதிரி ஆயிரும், அவரு அந்த ஹால்ல இல்லன்னா இன்னும் மோசம். அதனால பதில் போடுறதும் நம்ம சாப்ட்வேர் டீமேன்னு வச்சிக்கோங்க, ஏர்கான் ரிமோட்ட நம்ம கையில குடுத்தா என்ன நடக்கும்னு ஒரு வரி போட்டா போதும், அது நம்மளயே நம்ம கேலி பண்ணிக்கிறது. ஒரு வரி மேல சந்தேகம் வந்தா அத சொல்ற ஆள மாத்திப் பாருங்க, இன்டர்ன் சொன்னத பாஸ் சொன்னதா, ஒரு இனத்துக்காரர் சொன்னத இன்னொருத்தர் சொன்னதா. அப்பவும் சிரிப்பு வந்தா அது சூழ்நிலைய பத்தின ஜோக், வரலன்னா சிரிச்சதே அந்த ஆளப் பாத்துதான், தூக்கிருங்க.

ஃபைனான்ஸ், எச்ஆர் ஆளுங்களுக்கு ரீஓப்பன், டூப்ளிகேட்லாம் தெரியாது, ஆரம்பத்துலயே "எங்க வேலைல புகார் குடுத்தா அஞ்சே அஞ்சு பதில்தான் வரும்"னு ஒரு வரில சொல்லிருங்க. நிஜ க்ளையண்ட் பேரு, நிஜ டிக்கெட் நம்பர் வேணாம், சிரிப்பு வந்தாலும் திங்கக்கிழமை ஈமெயில் வரும். அஞ்சு நிமிஷத்துக்கு நாலு நிமிஷ மேட்டர்தான் எழுதணும், மிச்சத்த சிரிப்பும் கைதட்டலும் எடுத்துக்கும்.

முந்தின வாரம் மமாக்ல தே தாரிக் குடிக்கிறப்ப மூணு நாலு பேருகிட்ட, வேற வேற டீமா பாத்து, படிச்சு காட்டுங்க. எந்த வரிக்காவது எல்லாரும் உங்கள பாக்காம ஒரே ஆள் பக்கம் திரும்பினா அந்த வரிய மாத்துங்க, அவரு சேர்ந்து சிரிச்சாலும் சரி.